ஜூன் வரைக்கும் கொடுத்த வாடகை

கணக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு எந்தக் கடையிலும் முதலில் கிடைப்பது மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலி. அடுத்து ஒரு காப்பி. மூன்றாவதாகக் கடைக்காரரின் சிரிப்பு. அந்தச் சிரிப்பை மட்டும் நம்பக்கூடாது என்பது, பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் பிருந்தா கற்றுக்கொண்ட பாடம். அம்பாசமுத்திரம் காஜா முகைதீன் நாற்காலியும் கொடுத்தார், காப்பியும் வாங்கித் தந்தார். சிரிக்கத்தான் இல்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

நூல்கண்டு, பித்தான், லேஸ், ஊசி, லைனிங் துணி என்று தையல் சாமான்கள் விற்கிற கடை அது. கடை இருக்கும் கட்டடம் சிவசங்கரன் பிள்ளையுடையது. பிள்ளைவாள் இடமும் பாதி முதலும் போட்டார். காஜா முகைதீன் மீதி முதலும் தன் முழு ஆயுசும் போட்டார். இருவரும் கூட்டு. பிள்ளைவாள் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பங்கு பெங்களூரில் இருக்கும் மகன் சிவகணேஷுக்கு வந்தது. சிவகணேஷ் கெட்டவன் இல்லை. ரம்ஜானுக்கு மறக்காமல் வாழ்த்துச் சொல்கிறவன். ஆனால் அதே இடத்துக்கு ஒரு செல்போன் கம்பெனிக்காரன் மூன்று மடங்கு வாடகை பேசிவிட்டுப் போயிருக்கிறான். மூன்று மடங்கு வாடகைக்கு முன்னால் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆடிட்டர் சரிபார்த்த கணக்கில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் நஷ்டம் வந்தால், கூட்டாளிகளில் யாரும் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துக் கூட்டைக் கலைக்கலாம். கடை இடம் பிள்ளைவாள் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஒருத்தர் நஷ்டத்தில் இன்னொருத்தர் மூழ்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஆசையாக எழுதிக்கொண்டது. போன வருஷம் நஷ்டம். இந்த வருஷம் என்ன என்பதை மே மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். சொல்ல வந்தவள்தான் பிருந்தா.

காஜா முகைதீன் போட்டு வைத்திருந்த கணக்கில் லாபம் இருபத்தோராயிரத்து நானூறு.

"பெரிய லாபம் இல்ல, அம்மா. ஆனா லாபம்தான? ஒரு ரூவா வந்தாலும் லாபம்தான?" என்று கேட்டார்.

"ஒரு ரூவா வந்தாலும் லாபம்தான், அண்ணாச்சி. நான் பைய பாத்துருதேன்."

வேலை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. மார்ச் முப்பத்தொன்றோடு வருஷம் முடிகிறது. அந்த வருஷத்துக்கு உரிய செலவு, காசு கைமாறினாலும் மாறாவிட்டாலும், அந்த வருஷத்துக் கணக்கில் இருக்க வேண்டும். அடுத்த வருஷத்துக்காக முன்கூட்டிக் கொடுத்ததை இந்த வருஷச் செலவிலிருந்து எடுக்க வேண்டும். கொடுக்காமல் பாக்கி நிற்பதைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு எந்த மனுஷனும் கண்ணீர் விட வேண்டிய அவசியமே கிடையாது.

தீ விபத்துக் காப்பீட்டை முதலில் எடுத்தாள். ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குப் பதினாலாயிரத்து நானூறு கட்டியிருந்தார். அதில் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள ஒன்பது மாதம் அடுத்த வருஷத்துடையது, பத்தாயிரத்து எண்ணூறு. அதை முன்கூட்டிக் கொடுத்தது என்று சரியாக ஒதுக்கியிருந்தார். போன வருஷம் இதேபோல ஒதுக்கிய தொகையை இந்த வருஷச் செலவில் கொண்டுவந்தும் சேர்த்திருந்தார். பாலிசித் தாளில் தேதியைப் பார்த்து டிக் போட்டாள். மின்கட்டணத்துக்கு ஏப்ரலில் வந்த பில்லைப் பார்த்தாள். மார்ச் முடிய எவ்வளவோ அதைப் பாக்கியாகக் காட்டியிருந்தார். அதற்கும் டிக்.

"நல்லா வச்சிருக்கீங்க, அண்ணாச்சி."

"பில்லு வாரதெல்லாம் சரியாத்தான் இருக்கும், அம்மா. நமக்கு எழுதுனதப் பாத்துப் போடத் தெரியும்" என்றார் காஜா முகைதீன். அப்போதுதான் அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அதைக் கண்டதும், பில் வராத பாக்கி ஏதாவது இருக்குமோ என்று பிருந்தாவுக்குச் சந்தேகம் வந்தது.

பாக்கியைத் தேட ஒரு வழி இருக்கிறது. பழைய வருஷக் கணக்கில் தேடினால் அது கிடைக்காது, எழுதியிருந்தால்தானே கிடைக்கும்? புது வருஷக் கணக்கைத் திறக்க வேண்டும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் யார் யாருக்குக் காசு போயிருக்கிறது, அது எந்த மாதத்து வேலைக்காகப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிருந்தா புதுக் கணக்கைக் கேட்டாள். மஞ்சள் தடவிய மூலையோடு அது வந்தது. கடையில் சித்திரை ஒன்றாம் தேதி புதுக்கணக்குப் போடுவது பிள்ளைவாள் காலத்து வழக்கம். அவர் போன பிறகும் காஜா முகைதீன் அதை விடவில்லை. வருஷாவருஷம் எதிர்த்த வீட்டு ஐயரம்மாவிடம் மஞ்சள் வாங்கி மூலையில் தடவிவிட்டுத்தான் முதல் வரி எழுதுவார்.

சித்திரை ஒன்றாம் தேதியின் முதல் வரி: சுடலைவடிவு, கூலி, முப்பத்து மூவாயிரம்.

கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற சுடலைவடிவுக்கு மாதம் பதினோராயிரம். பிருந்தா பழைய கணக்கைப் புரட்டி அவள் பெயரில் விழுந்த கூலியை மாதம் மாதமாக எண்ணினாள். ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் நின்றுவிட்டது. ஒன்பது மாதம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எங்கே?

"அண்ணாச்சி, இந்த முப்பத்து மூணு எந்த மாசத்துக் கூலி?"

"சனவரி, பிப்ரவரி, மார்ச்சு. அவதான் சொன்னா. கடையில ஓட்டம் இல்ல, மொதலாளி. எனக்கு இப்ப அவசரம் இல்ல, மகளுக்கு நர்ஸிங் பீஸு கட்டையில மொத்தமா வாங்கிக்கிடுதேன்னு. நானும் சித்திரையில குடுத்தேன். ஏன், அம்மா?"

"பழைய கணக்குல இதப் போடலியே."

"பழைய கணக்குல எப்படிப் போடுவேன்? குடுத்தது புதுக்கணக்குலல்லா?"

அவர் ஏமாற்றவில்லை. அதுதான் பிருந்தாவுக்குத் தாங்கவில்லை. ஏமாற்றியிருந்தால் இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசிவிட்டு நிம்மதியாக எழுதிவிட்டுப் போயிருப்பாள். புதுக்கணக்குப் போட்டு அதில் முதல் வரியாக வேலைக்காரியின் கூலியைக் கொடுப்பதைப் போல லட்சணமான காரியம் வேறில்லை என்று நம்புகிற மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல? ஆனால் சர்க்கார் வருஷத்துக்குச் சித்திரையும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அவள் வேலை பார்த்தாள். அதற்கான கூலி அந்த வருஷத்துச் செலவு. மார்ச் முப்பத்தொன்றில் அது கொடுபட வேண்டிய கூலி.

இருபத்தோராயிரத்து நானூறில் முப்பத்து மூவாயிரத்தைக் கழித்தால் பதினோராயிரத்து அறுநூறு நஷ்டம். கணக்குக் கருவி தேவைப்படவில்லை. இருந்தாலும் பிருந்தா இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். கருவி இரண்டு தடவையும் அதையேதான் சொன்னது.

அவள் விளக்கிச் சொன்னபோது காஜா முகைதீன் கல்லாப்பெட்டியின் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிக் கொண்டிருந்தார். லேஸ் சுற்றிக்கொண்டிருந்த சுடலைவடிவு பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"எம்மா, என் கூலியாலயா கடை போகுது?"

"உங்களால இல்ல, அக்கா."

"அப்ப நான் ஒண்ணு சொல்லுதேன். அந்த மூணு மாசக் கூலி எனக்கு வேண்டாம். சங்கிலிய வச்சுப் பணத்தத் திருப்பித் தந்துருதேன். அப்ப சரியாயிருமா?"

"இப்பத் திருப்பித் தந்தா அது புது வருஷத்து வரவு, அக்கா. மார்ச்சு முப்பத்தொண்ணுல கடை உங்களுக்குத் தர வேண்டியிருந்துச்சா, இல்லையா? இருந்துச்சு. அத இனிமே மாத்த முடியாது."

சுடலைவடிவு குரலைத் தாழ்த்தினாள். "பங்குனியிலயே கூலி வேண்டாம்னு சொல்லிட்டேன்னு, அந்தத் தேதி போட்டு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுத் தாரேன். யாருக்குத் தெரியும்?"

இந்தத் தொழிலில் இப்படி ஒரு தாள் எவ்வளவு சுலபமாகப் பிறக்கும் என்று பிருந்தாவுக்குத் தெரியும். கையை நீட்டினால் போதும். அவள் மறுப்பதற்குள் காஜா முகைதீன் கல்லாவைப் பட்டென்று மூடினார்.

"ஏட்டி, கிறுக்கச்சி! நீ பாத்த வேலய நீ பாக்கலன்னு எழுதி நான் கடை நடத்தணுமாக்கும்? கூலி உன் ஹக்கு, உனக்குள்ள உரிம. போய் லேஸச் சுத்து."

அவள் போனாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே லேஸைச் சுற்றினாள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பையை மூடிவிட்டுப் பதினொன்றரை பஸ்ஸுக்கு நடந்திருப்பார்கள். பிருந்தாவால் முடியவில்லை. காப்பாற்ற ஏதாவது ஒரு துரும்பு கிடைக்காதா என்று ரசீதுக் கட்டு முழுவதையும் மறுபடி அவிழ்த்தாள். கணக்குப் பார்க்கிறவளுக்கு வரக்கூடாத ஆசை அது. எதுவும் கிடைக்க வேண்டும் என்றும் நினைக்கக்கூடாது, கிடைக்கக்கூடாது என்றும் நினைக்கக்கூடாது. அவள் நினைத்தாள்.

கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் கடைக்கு ஒரு கிட்டங்கி உண்டு. உபரிச் சரக்கெல்லாம் அங்கேதான். கிட்டங்கிக்காரர் தில்லைநாயகம் மாதாமாதம் வாடகைக்கு அலைய மாட்டேன் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கிக்கொள்கிறவர். ஜனவரியில் இருபத்தேழாயிரம் கொடுத்ததற்கு அவர் கையெழுத்தில் ரசீது: ஜனவரி முதல் ஜூன் முடிய. கணக்கில் இருபத்தேழும் அப்படியே செலவு. ஒதுக்கவே இல்லை!

"அண்ணாச்சி! கிட்டங்கி வாடக ஜூன் வரைக்கும் குடுத்தாச்சா?"

"ஆமா. அவரு அப்படித்தான வாங்குவாரு."

ஏப்ரல், மே, ஜூன். மூன்று மாதம், பதின்மூவாயிரத்து ஐந்நூறு. அது அடுத்த வருஷத்துச் செலவு. எடுத்துவிட்டால் நஷ்டம் மறைந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் லாபம். பிருந்தா சின்னப் பிள்ளை மாதிரி பேனாவால் மேஜையில் தட்டினாள்.

"லாபம், அண்ணாச்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் லாபம்!"

அந்த ஒரு வார்த்தையை அவள் ஒரு மணி நேரம் அடக்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. காஜா முகைதீன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வீட்டுக்குப் போன் போட்டு மனைவி சபீதாவிடம், "அல்ஹம்துலில்லாஹ், கடை தப்பிச்சுட்டு" என்றார். மறுமுனையில் அந்த அம்மாள் அழுவது மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அடுத்து அவரே குடையை எடுத்துக்கொண்டு போய் பேக்கரியில் மஸ்கோத்து அல்வா வாங்கி வந்து, சுடலைவடிவுக்கு ஒரு பொட்டலம், பிருந்தாவுக்கு ஒரு பொட்டலம், எதிர்த்த வீட்டு ஐயரம்மாவுக்கு ஒரு பொட்டலம் என்று கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் லாபத்துக்கு அறுநூறு ரூபாய்க்கு அல்வா வாங்கிய வியாபாரி அன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"கம்ப்யூட்டருல ஏத்திருங்க, அம்மா. நான் லுகர் தொழுதுட்டு வந்துருதேன்" என்று பள்ளிவாசலுக்குப் போனார்.

பிருந்தா அல்வாவில் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, வாடகைக்கான குறிப்பை எழுத ஆரம்பித்தாள். எந்தத் தொகையை எடுத்தாலும் எப்படி வந்தது என்று மாதவாரியாக எழுதி வைப்பது அலுவலகத்து வழக்கம். இந்த வருஷச் செலவில் நிற்பது என்ன? ஜூலையில் கொடுத்தது ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. ஆறு மாதம். ஜனவரியில் கொடுத்ததில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மூன்று மாதம். ஆக மொத்தம் ஒன்பது மாதம்.

பேனா நின்றது.

வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதமல்லவா? ஏப்ரல், மே, ஜூனுக்குக் கிட்டங்கி என்ன சும்மாவா கிடந்தது? அந்த மூன்று மாத வாடகையை அவர் அதற்கு முந்தின ஜனவரியிலேயே கொடுத்துவிட்டார். போன வருஷக் கட்டைப் பிரித்தாள். இருந்தது; அதே தில்லைநாயகம், அதே கையெழுத்து, ஜனவரி முதல் ஜூன் முடிய. போன வருஷமும் யாரும் ஒதுக்காமல் மொத்தத்தையும் அந்த வருஷத்துச் செலவாக எழுதியிருந்தார்கள். இந்த வருஷக் கடைசியில் மூன்று மாதத்தை வெளியே எடுத்தால், வருஷத் தொடக்கத்தில் மூன்று மாதத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். பதின்மூவாயிரத்து ஐந்நூறு போகிறது, பதின்மூவாயிரத்து ஐந்நூறு வருகிறது. மிச்சம் சைபர். நஷ்டம் பதினோராயிரத்து அறுநூறு, இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காலையில் காப்பீட்டுக்கு இதையே பார்த்து டிக் போட்டவள் அவள்தான். ஒன்பது மாதக் கூலியைப் பார்த்துத் தப்பு என்று சொன்ன அதே வாய், ஒன்பது மாத வாடகையைப் பார்த்து லாபம் என்று சொல்லிவிட்டது. போன வருஷத்து நஷ்டமாவது இதனால் குறையுமா என்று அதையும் போட்டுப் பார்த்தாள். அதற்கும் முந்தின ஜனவரியிலும் அவர் அப்படித்தான் கொடுத்திருந்தார். அந்த வருஷமும் பன்னிரண்டு மாத வாடகைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அல்வாப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். பிருந்தா தன்னையே வெறுத்தாள். நஷ்டம் என்று ஒரு தடவை சொல்வது வேலை. லாபம் என்று சொல்லிவிட்டு நஷ்டம் என்று சொல்வது என்ன? எரிகிற வீட்டுக்காரனிடம் தீ அணைந்துவிட்டது என்று சொல்லி, சாமான்களை உள்ளே எடுத்து வைக்கச் சொல்வதற்குச் சமானம்.

காஜா முகைதீன் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினார்.

"என்னம்மா?"

"அண்ணாச்சி, நான் தப்புப் பண்ணிட்டேன்."

மாதங்களை எழுதின தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். விரலை வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு மாதமாக அவரும் விரல் விட்டு எண்ணினார். ஒன்பதில் அவர் விரலும் நின்றது.

"சரிதான்" என்றார். "வருசத்துக்குப் பன்னெண்டு மாசம் வாடக. அது எப்படி ஒம்பதாகும்?"

"நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். வீட்டுக்கு வேற போன் பண்ணிட்டீங்க. எனக்கு எப்படிச் சொல்லதுன்னே தெரியல."

"நீங்க என்ன செய்வீங்க, அம்மா? இல்லாதத உண்டாக்கவா முடியும்?"

அவர் கோபப்பட்டிருக்கலாம். உங்களை யார் வாயைத் திறக்கச் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் பிருந்தாவுக்குத்தான் கண் நிறைந்தது. சுடலைவடிவு பிரிக்காத அல்வாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நூல்கண்டு அலமாரிப் பக்கம் நின்றாள்.

சிவகணேஷுக்கு அவரே போன் போட்டார். ஒலிபெருக்கியில் போடத் தெரியாது; ஆனாலும் அந்தப் பையன் பேசினது கேட்டது. அவன் மரியாதையாகத்தான் பேசினான். "மனசுக்குக் கஷ்டமா இருக்கு, மாமா. கணக்கு என்ன சொல்லுதோ அதுதான, மாமா. வக்கீல் நோட்டீஸ் சும்மா ஒரு வழக்கத்துக்கு வரும், தப்பா நெனைச்சுக்கிடாதீங்க" என்றான். "நல்லா இரு, லே" என்று சொல்லி அவர் போனை வைத்தார். வீட்டுக்குப் போடவேண்டிய போனைப் போடவில்லை. இரண்டு தடவை எண்ணை அமுக்கப் போய், இரண்டு தடவையும் நிறுத்திவிட்டார்.

பிருந்தா மடிக்கணினியில் ஏற்றினாள். கொடுபட வேண்டிய கூலி, முப்பத்து மூவாயிரம். வாடகை, பன்னிரண்டு மாதம். கடைசி வரியில் நஷ்டம் தானாகவே வந்து விழுந்தது. கீழே, சொத்துப் பக்கத்தில், முன்கூட்டிக் கொடுத்த வாடகை பதின்மூவாயிரத்து ஐந்நூறு என்று ஒரு வரி ஏறியது. லாபத்துக்கு உதவாத வரி.

காஜா முகைதீன் கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரை வரைக்கும் அடுக்கியிருந்த நூல்கண்டு டப்பாக்கள், நிறம் நிறமாக லைனிங் சுருள்கள், எண் ஒட்டிய பித்தான் டப்பிகள். பதினைந்து நாளில் இவ்வளவையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவர் யோசிப்பது அவர் வாயைத் திறக்காமலே தெரிந்தது. திடீரென்று அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அம்மா, கிட்டங்கிக்கு ஜூன் வரைக்கும் வாடக குடுத்தாச்சுல்லா? அப்ப அதுவரைக்கும் அது நம்ம இடம்தான? சரக்க அங்கன கொண்டு போட்டுக்கிடலாம்லா?"

பிருந்தா திரையைப் பார்த்தாள். சொத்துப் பக்கத்தில் இருப்பது கடையின் சொத்து. கூட்டைக் கலைத்தால் அந்த வாடகையிலும் பாதி சிவகணேஷுக்கு. ஜூன் மாதத்துக் கிட்டங்கியிலும் அவனுக்குப் பாதி. காலையிலிருந்து எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு இதையும் சொல்லக் கடமை உண்டு. வக்கீல் நோட்டீஸோடு யாராவது சொல்லட்டும் என்று கணினியை மூடினாள்.

"ஆமா, அண்ணாச்சி. ஜூன் வரைக்கும் குடுத்தாச்சு."

"அது போதும்" என்றார் காஜா முகைதீன். "ஏட்டி வடிவு, சாக்கு எத்தன இருக்குன்னு பாரு."